பிளோக்கஸ்: மூன்றே நகர்வில் நடுவுக்கு வந்துவிட்டேன், ஆனாலும் மஞ்சள் என் பின்பக்கம் நுழைகிறது. அந்த ஓட்டையை எப்படி அடைப்பது?

நீலமூலை

நான்கு பேர் ஆடும் பெரிய பலகையைப் பற்றிய கேள்வி, அதாவது 20க்கு 20. நான் நீலம், முதல் நகர்வு எனக்கு. என் பலகை மூலையை (1,1) என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் வலப்பக்கம் எத்தனையாவது கட்டம், இரண்டாவது எண் மேலிருந்து கீழே எத்தனையாவது வரிசை. மஞ்சள் (20,1), சிவப்பு (20,20), பச்சை (1,20).

முதலில் டபிள்யூ எழுத்து வடிவத் துண்டு: (1,1), (1,2), (2,2), (2,3), (3,3). அடுத்து இசட்: (4,4), (5,4), (5,5), (5,6), (6,6). மூன்றாவதாக வி: (7,7), (8,7), (9,7), (9,8), (9,9). இனி (10,10)இல் வைத்தால் நடு எனக்குத்தான். இதைவிட வேகமாகப் போக முடியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் மஞ்சள் தன் நான்காவது நகர்வில் எல் துண்டை ஆறாவது வரிசையில் நீளவாக்கில் (10,6) முதல் (7,6) வரை இழுத்து வைக்கிறது. அடுத்த நகர்வில் (6,7)இல் மூலை தொட்டு என் இடது கீழ்ப்பக்கம் முழுவதும் பரவிவிடுகிறது. நான் மூலைவிட்டமாக ஒரு சுவர் கட்டியிருக்கிறேன், அதன் நடுவே புகுந்து போகிறார்கள். (6,6)க்கும் (7,7)க்கும் இடையில் இருக்கும் இந்த ஓட்டையை அடைக்க வழி உண்டா?

வேகமே_முக்கியம்

உங்கள் தொடக்கம் சரியானதுதான், மாற்ற வேண்டாம். ஐந்து கட்டத் துண்டு ஒன்று ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அதிகபட்சம் நான்கு அடி நகரும், மூலை தாண்டுவதில் இன்னும் இரண்டு அடி. ஆக நகர்வுக்கு ஆறு அடி. டபிள்யூ, இசட், வி மூன்றும் இந்த முழு நீளத்தையும் தருபவை, அதனால்தான் மூன்றாவதில் (9,9) கிடைக்கிறது. எஃப்பில் தொடங்கினால் ஒரு அடி குறையும், அடுத்த துண்டு (4,4)க்குப் பதிலாக (4,3)இல்தான் தொடங்கும்.

ஐந்து கட்டம் நேர்க்கோடாக இருக்கும் ஐ துண்டும் அதே நான்கு அடிதான். அதையும் தொடக்கத்திலேயே போட்டுவிடலாம், எல்லாம் ஒன்றுதான். நடுவைப் பிடித்தவரே ஜெயிப்பார். பின்னால் யார் நுழைந்தால் என்ன, நீங்கள் அவர்கள் வீட்டுக்குள் நுழையுங்கள்.

மரப்பலகை

வேகமே_முக்கியம் சொன்ன அடிக்கணக்கு சரி. ஆனால் "எல்லாம் ஒன்றுதான்" என்பது சரியில்லை. எத்தனை அடி போனோம் என்பதோடு, போன பிறகு எத்தனை மூலை திறந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பலகை மூலையில் டபிள்யூவை வைத்தால் அடுத்த துண்டு தொடங்க நான்கு இடம் கிடைக்கும்: (4,4), (4,2), (3,1), (1,4). அதே இடத்தில் வி வைத்தால் அதுவும் (3,3) வரைதான் வருகிறது, ஆனால் திறந்த மூலை இரண்டுதான். ஐ துண்டை ஓரமாகப் படுக்க வைத்தால் (6,2) ஒன்று மட்டும். எஃப் ஒரு அடி குறைவாகப் போனாலும் நான்கு மூலை தருகிறது, அதனால் நான் அதைத் தள்ளிவிட மாட்டேன்.

இப்போது நீலமூலையின் ஓட்டைக்கு வருகிறேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், மூலைவிட்டமாகப் போகும் துண்டுகள் ஒருபோதும் சுவர் ஆகாது. (6,6)இல் உங்கள் இசட் முடிகிறது, (7,7)இல் உங்கள் வி தொடங்குகிறது. இடையில் (7,6), (6,7) என்று இரண்டு கட்டம் இருக்கின்றன. இரண்டுமே உங்கள் துண்டுகளோடு பக்கம் ஒட்டுகின்றன, அதனால் அங்கே நீங்கள் எதையும் வைக்க முடியாது. மற்ற மூவருக்கும் அந்தத் தடை கிடையாது. அவர்களுக்கு அந்த இரண்டு கட்டமும் ஒன்றையொன்று மூலையில் தொடுகின்றன, அதாவது தாராளமான வழி. நீங்கள் மூலை தொடும் ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஒரு வழி தானாகத் திறந்துவிடும், அதை நீங்களே நிரப்ப முடியாது. ஆட்டத்தின் அடிப்படை விதியிலிருந்து வருவது இது, தப்பிக்க முடியாது.

உங்கள் ஆட்டத்தில் இன்னொரு விஷயமும் நடந்திருக்கிறது. வி துண்டின் கை ஏழாவது வரிசையில் (7,7) முதல் (9,7) வரை படுத்திருக்கிறது. அதன் மேல்பக்கம் இருக்கும் (7,6), (8,6), (9,6) மூன்றுமே உங்களுக்குத் தடை. ஆறாவது வரிசையில் மஞ்சளுக்கென்று நீங்களே ஒரு பாதை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள், நேராக அந்த ஓட்டைக்கே கொண்டுபோய் விடும் பாதை.

மழைநாள்

நான் எப்போதும் கூட்டல் குறி மாதிரி இருக்கும் எக்ஸ் துண்டைத்தான் முதலில் வைப்பேன். நான்கு பக்கமும் கை இருப்பதால் எந்தத் திசையிலும் கிளம்பலாம், வைத்த உடனே எட்டு மூலை திறந்துவிடும். கடைசி வரை வைத்துக்கொண்டால் அதற்கு இடமே கிடைக்காது. ஏன் யாரும் எக்ஸைச் சொல்லவில்லை?

மரப்பலகை

மழைநாள், நீங்கள் ஆடுவது இருவர் ஆடும் சிறிய பலகையாக இருக்கும், 14க்கு 14. அதில் தொடக்கப் புள்ளிகள் (5,5), (10,10) என்று உள்ளே இருக்கின்றன, எக்ஸ் அங்கே சரியாக உட்காரும். பெரிய பலகையில் முதல் துண்டு பலகையின் மூலைக் கட்டத்தை மூட வேண்டும். எக்ஸின் எந்தக் கட்டத்தை அங்கே வைத்தாலும் ஏதாவது ஒரு கை பலகைக்கு வெளியே போய்விடும். 12 ஐந்து கட்டத் துண்டுகளில் முதல் நகர்வாக வைக்கவே முடியாதது அது ஒன்றுதான்.

சீக்கிரம் போட வேண்டும் என்பது மட்டும் பெரிய பலகைக்கும் பொருந்தும். மூன்றுக்கு மூன்று இடம் வேண்டும் அதற்கு, ஆட்டம் பாதி தாண்டினால் அவ்வளவு இடம் அபூர்வம்.

மழைநாள்

ஆமாம், சின்னப் பலகைதான். பெட்டியில் அது மட்டும்தான் இருந்தது, எல்லாவற்றுக்கும் இதே பலகை என்று நினைத்துவிட்டேன். சரி, தொடருங்கள், படிக்கிறேன்.

நீலமூலை

மரப்பலகை, அப்படியானால் அடைக்கவே முடியாது என்கிறீர்களா? (7,6)இல் நான் வைக்க முடியாது, (6,7)இலும் முடியாது. பச்சையோ சிவப்போ வந்து தற்செயலாக மூடினால்தான் உண்டா?

மரப்பலகை

நிரப்ப முடியாது, ஆனால் சுற்றி மூட முடியும். இது கொஞ்சம் நுணுக்கமானது, ஒரு தாளில் கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டே படியுங்கள்.

(7,6) என்ற கட்டத்துக்கு நான்கு பக்கம். இடப்பக்கம் (6,6), அது உங்கள் இசட். கீழே (7,7), உங்கள் வி. மேலே (7,5), வலப்பக்கம் (8,6), இந்த இரண்டும் காலி. இவற்றையும் நீங்கள் எடுத்துவிட்டால் (7,6) தனியாக அடைபட்ட ஒற்றைக் கட்டம் ஆகிவிடும். எல், என், ஐ எதுவும் உள்ளே வர முடியாது.

(7,5) உங்களுக்குக் கிடைக்குமா என்றால், கிடைக்கும். இசட்டின் முனையான (6,6)இன் மூலையில்தான் அது இருக்கிறது, வேறு எந்த நீலத் துண்டும் அதன் பக்கத்தில் ஒட்டவில்லை. சிக்கல் (8,6)இல்தான். நீங்கள் வைத்த மாதிரி வியின் கை ஏழாவது வரிசையில் படுத்திருந்தால் (8,7) நீலம், அதன் தலைக்கு மேலே (8,6), ஆகவே உங்களுக்குத் தடை. அதனால் வியைத் திருப்பி வையுங்கள்: (7,7), (7,8), (7,9), (8,9), (9,9). அதே (7,7)இல் தொடங்கி அதே (9,9)இல் முடிகிறது, ஒரு அடியும் குறையவில்லை. ஆனால் கை கீழ்நோக்கி இறங்கிவிட்டதால் (8,7) காலியாகிறது, (8,6) உங்களுக்குக் கிடைக்கிறது.

இப்போது நான்காவது நகர்வாக ஆங்கில 'என்' எழுத்துத் துண்டை இப்படி வையுங்கள்: (7,5), (8,5), (8,6), (9,6), (10,6). (7,5) இசட்டின் மூலையைத் தொடுகிறது, (8,6) வியின் மூலையைத் தொடுகிறது, எங்கும் பக்கம் ஒட்டவில்லை. ஓட்டை நான்கு பக்கமும் மூடிவிட்டது. ஆறாவது வரிசையில் மஞ்சள் வந்த பாதையும் போய்விட்டது. நீங்கள் சொன்ன ஆட்டத்தில் மஞ்சள் (7,6)ஐப் பிடித்தது அதன் நான்காவது நகர்வில், நீலத்தின் நான்காவது அதற்கு முன்னாலேயே வந்துவிடும். நேரம் சரியாக இருக்கிறது.

வேகமே_முக்கியம்

ஆனால் அந்த நான்காவது நகர்வு (10,10)க்கு உரியது! மூன்று நகர்வில் நடுவுக்கு வந்துவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பி வந்து வீட்டுக் கதவைப் பூட்டுவதா? மஞ்சளும் (12,9) வரை வந்திருக்கும், நீங்கள் விட்ட நடுவில் அது உட்காரும். அடுத்து சிவப்பு, அப்புறம் பச்சை. உங்கள் முறை மறுபடி வருவதற்குள் மூன்று பேர் அங்கே வைத்திருப்பார்கள்.

நான் என்றால் நான்காவதில் எக்ஸை நடுவில் வைப்பேன். (10,10)ஐ மேல் கையாக வைத்து, மையம் (10,11)இல். அங்கிருந்து மூன்று பேர் பக்கமும் போகலாம். மஞ்சள் என் பின்னால் போனால் போகட்டும், அதன் துண்டுகள் என் பக்கம் செலவாகும், அதன் பக்கம் காலியாக இருக்கும், நான் அங்கே போவேன்.

மரப்பலகை

மஞ்சள் நடுவுக்கு வந்துவிட்டதென்றால் அதே நேரத்தில் ஆறாவது வரிசையில் (10,6)க்கு வந்திருக்க முடியாது. மூன்று நகர்வில் இரண்டில் ஒன்றுதான் முடியும், நகர்வுக்கு ஆறு அடி என்ற உங்கள் கணக்கே அதைச் சொல்கிறது. ஆகவே மூன்றாவது நகர்வு முடிந்ததும் மஞ்சளின் முனை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஐந்தாவது, ஆறாவது வரிசைப் பக்கம் நின்றால் அது உங்கள் ஓட்டைக்கு வருகிறது, பூட்டுங்கள். (12,9) பக்கம் நின்றால் நடுவுக்கு வருகிறது, அப்போது நீங்கள் சொல்லும் எக்ஸ் நல்ல நகர்வு. இரண்டுக்கும் வி கீழ்நோக்கி இறங்கியிருப்பது பொருந்தும், அதனால் திருப்பி வைப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

பூட்டினாலும் நடுவை முழுக்க இழப்பதில்லை என்பதையும் பாருங்கள். 'என்' துண்டின் முனை (10,6), அதன் மூலை (11,7). மஞ்சள் நடுவுக்கு இறங்கும் பக்கத்தில்தான் அது திறக்கிறது. (9,9)இன் மூலையான (10,10)ஐ யாராவது எடுத்துவிட்டாலும் உங்களுக்கு அங்கே இன்னொரு வாய் இருக்கிறது.

ஊஞ்சல்

வீட்டில் குழந்தைகளோடு ஆடுகிறோம், நான்கு பேர். எனக்கு இந்த ஓட்டை விவகாரம் எல்லாம் வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கடைசியில் கையில் நான்கைந்து பெரிய துண்டு மிஞ்சி நிற்கிறது, என் பையன் சின்னச் சின்னதாக வைத்துக்கொண்டே போகிறான். இடம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நானும் சின்னத் துண்டுகளில் தொடங்கினால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாமா?

மரப்பலகை

வேண்டாம், நேர் எதிராகச் செய்யுங்கள். ஒருவருக்கு 21 துண்டு, மொத்தம் 89 கட்டம். அதில் ஐந்து கட்டத் துண்டுகள் 12, அவை மட்டுமே 60 கட்டம். மிஞ்சும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புள்ளி குறையும், ஆகவே நான்கு பெரியது மிஞ்சினால் 20 போய்விட்டது. இடம் இருக்கும்போது பெரியதைப் போட்டுவிட வேண்டும், இடுக்கு மட்டும் மிஞ்சும்போது சின்னது தானாக உட்காரும். பையன் கடைசியில் வைத்துக்கொண்டே போவது அவன் சின்னதைச் சேமித்து வைத்திருப்பதால்தான்.

நான்கு நிறமும் சேர்ந்து 356 கட்டம், பலகையில் 400. எல்லோரும் எல்லாவற்றையும் வைக்கக் கணக்கில் இடம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொருவரின் பக்கத்துக்கும் ஒட்டிய கட்டங்கள் அவருக்குத் தடையாகி வீணாவதால் அது நடப்பதில்லை. அடுத்த ஆட்டத்தில் பாதியில் நிறுத்தி, உங்கள் நிறத்துக்கு எத்தனை திறந்த மூலை இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மூன்றுக்குக் கீழே இருந்தால், அடுத்த நகர்வு இடத்தைப் பிடிப்பதற்கு அல்ல, மூலையைக் கூட்டுவதற்கு.

ஊஞ்சல்

எந்தப் பெரியதை முதலில் போடுவது? ஐ துண்டை நான் முதலிலேயே போட்டுவிடுவேன், நீளமாக இருப்பதால் பயம்.

ரெட்டைச்சுழி

ஐ துண்டைக் கடைசி வரை வைத்திருக்கலாம். ஒரு கட்ட அகலம் இருந்தால் போதும் அதற்கு. இரண்டு பேரின் துண்டுகளுக்கு நடுவே நீளமான சந்து எப்போதும் மிஞ்சும், அதில் நழுவிப் போய் அந்தப் பக்கம் மூலை திறக்கும். முதலில் போக வேண்டியவை எக்ஸ், டபிள்யூ, எஃப் மாதிரி அகலம் கேட்பவை.

வேகமே_முக்கியம்

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐந்து கட்டம் நேராகக் காலியாக இருக்கும் சந்து கடைசியில் கிடைப்பதில்லை, நடுவில் யாராவது ஒற்றைக் கட்டத்தை வைத்துக் கெடுத்திருப்பார்கள். எனக்கு மிஞ்சுவதில் பெரும்பாலும் ஐ இருக்கிறது.

ரெட்டைச்சுழி

அது எதிரில் ஆடுபவர்களைப் பொறுத்தது. எங்கள் கூட்டத்தில் எல்லோரும் நடுவில்தான் மோதிக்கொள்வார்கள், பலகை ஓரங்கள் கடைசிவரை காலியாக இருக்கும், ஐ ஓரத்தில் உட்கார்ந்துவிடும்.

நீலமூலையின் பூட்டுக்கு வருகிறேன், எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, மஞ்சள் தன் மூன்றாவது நகர்விலேயே (9,6)இல் நின்றுவிட்டால் 'என்' துண்டுக்கு இடமில்லை. அப்போது? இரண்டு, (7,6) ஒற்றைக் கட்டமாக அடைபட்டாலும் மஞ்சளிடம் ஒற்றைக் கட்டத் துண்டு இருக்கிறதே, அதை வைத்து நுழையலாமே.

மரப்பலகை

இரண்டுமே நல்ல கேள்வி. மஞ்சள் (9,6)இல் நின்றால் என்னுக்குப் பதில் பி துண்டு: (7,4), (8,4), (7,5), (8,5), (8,6). ஏழாவது, எட்டாவது கட்டம் தாண்டிப் போகவில்லை, அதே பூட்டு. பி குறைவான அடி போகும் துண்டு, நடுவுக்கு ஓட உதவாது, ஆகவே இங்கே செலவழிப்பதில் வருத்தமில்லை. (9,7)இல் ஒரு மூலையும் தருகிறது, அது மஞ்சளின் (9,6)க்கு நேர் கீழே, மஞ்சள் தன் அந்தத் துண்டிலிருந்து அங்கே வைக்க முடியாது. (7,4), (8,4) ஏற்கெனவே போயிருந்தால் மூன்று கட்ட வளைவுத் துண்டு (7,5), (8,5), (8,6)இல் உட்காரும். அவ்வளவு சீக்கிரம் சின்னதைச் செலவழிப்பது வலிக்கும், ஆனால் பின்பக்கம் முழுவதும் போவதைவிடப் பரவாயில்லை.

ஒற்றைக் கட்டம் பற்றி: நுழையலாம், தடுக்க முடியாது. மஞ்சள் முதலில் (8,7)இலோ (6,5)இலோ ஒரு கட்டமாவது வைத்திருக்க வேண்டும், அங்கிருந்து (7,6)இல் ஒற்றையை வைத்து, அடுத்ததை (6,7)இல் தொடங்கும். அதற்கு முதலில் அங்கே வர வேண்டும், பிறகு இரண்டு நகர்வு, அதில் ஒன்று ஒரே ஒரு கட்டம். அந்த நேரத்தில் நீங்கள் இசட்டின் பின்மூலையான (4,7)இலிருந்து ஒரு துண்டு போட்டு (6,7)இன் வெளிவழியைக் குறைத்துவிடலாம். மஞ்சளுக்கு, எல்லாத் துண்டையும் வைத்தால் கிடைக்கும் 15 புள்ளிக்கு மேல் ஒற்றையைக் கடைசியாக வைத்தால் வரும் கூடுதல் 5 போய்விடும். அந்த 5க்காக ஒற்றையைக் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நல்ல ஓட்டை கிடைத்தால் நானும் நடு ஆட்டத்தில் அதைப் போட்டுவிடுவேன்.

ரெட்டைச்சுழி

நான் போட மாட்டேன். ஒற்றை கையில் இருந்தால் கடைசியில் எந்த இடுக்கிலும் ஒரு மூலை தாண்டி இன்னொரு மூன்றோ நான்கோ வைக்க முடிகிறது. அதன் மதிப்பு 5 புள்ளியில் இல்லை.

நீலமூலை

தாளில் போட்டுப் பார்த்தேன், வியைத் திருப்பினால் (8,6) கிடைக்கிறது, 'என்' துண்டு சரியாக உட்காருகிறது. ஆனால் இன்னொன்று கண்ணில் படுகிறது. வி கீழ்நோக்கி இறங்கியதும் ஏழாவது கட்டத்தின் இடப்பக்கம் (6,7), (6,8), (6,9) எனக்குத் தடையாகிறது. மஞ்சளுக்குப் போட்ட பாதையை எடுத்து இப்போது பச்சைக்குப் போட்டிருக்கிறேன், அது கீழிருந்து இந்தப் பக்கமாக ஏறி வரும். (7,6) அடைபட்டிருப்பதால் (6,7) வழியாக மேலே தாண்ட முடியாது, அது புரிகிறது. ஆனால் என் இடது கீழ்ப்பக்கத்தைப் பச்சை எடுத்துக்கொள்ளுமே?

மரப்பலகை

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். தடை எப்படியும் ஒரு பக்கம் விழத்தான் செய்யும், அது யார் பக்கம் விழ வேண்டும் என்பதே உங்கள் கையில் இருக்கிறது. பச்சை நகர்வது மஞ்சளுக்கும் சிவப்புக்கும் பிறகு, நான்கு பேரில் கடைசி. அது (6,9)க்கு வர (1,20)இலிருந்து 16 அடி, அதாவது மூன்று முழு நகர்வும் உங்களை நோக்கியே செலவழிக்க வேண்டும். அப்படி வந்தால் உங்கள் ஐந்தாவது நகர்வு (4,7)இலிருந்து கீழ்நோக்கிப் போகட்டும். எல் துண்டை (4,7), (4,8), (4,9), (4,10), (5,10) என்று நிறுத்தினால் ஆறாவது கட்டத்துப் பாதையின் வாய் குறுகிவிடும், (6,11)இல் உங்களுக்கு ஒரு மூலையும் திறக்கும். பச்சை ஏற்கெனவே (5,10)இல் நின்றால் இது நடக்காது.

வேகமே_முக்கியம்

ஆக நான்காவதும் ஐந்தாவதும் வீட்டிலேயே. நடு போய்விட்டது. நான் இன்னும் எக்ஸ் பக்கம்தான்.

நீலமூலை

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது. மஞ்சளின் மூன்றாவது நகர்வைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன்: மஞ்சள் (11,7) மாதிரி இரண்டுக்கும் நடுவில் நின்றால், பூட்டா எக்ஸா?

ரெட்டைச்சுழி

(11,7)இல் நின்றால் அடுத்து (10,6)இல் தொடங்கி (7,6) வரை வர அதற்கு எல் துண்டு வேண்டும், வேறு எதுவும் எட்டாது என்று நினைக்கிறேன். மஞ்சள் அதை ஏற்கெனவே போட்டுவிட்டதா என்று பாருங்கள்.

மரப்பலகை

ஒய், 'என்' துண்டும் எட்டும். ஒய் நான்கு கட்ட நீளம், அதையும் படுக்க வைத்து (10,6) முதல் (7,6) வரை கொண்டுவரலாம். 'என்' துண்டின் இரண்டு முனையும் வெவ்வேறு வரிசையில் இருப்பதால் மஞ்சள் (10,5) பக்கம் வேறொரு மூலை வைத்திருந்தால்தான் அது (7,6)இல் வந்து முடியும். எல், ஒய் இரண்டும் போய்விட்டதென்றால் எக்ஸ் போடுங்கள். ஒன்றாவது கையில் இருந்தால் நான் பூட்டுவேன்.